ஒன்றாம் வகுப்புக்குத் தயார் இல்லை

அந்த இரட்டைப் பெண்களை அவர்களுடைய அம்மா ஒரு மார்ச் மாத முற்பகலில் எங்கள் பள்ளிக்கு அழைத்து வந்தார். பாலக்காட்டு எல்லையோரம் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பம். காலையில் கறவை முடித்து, சொசைட்டியில் பாலை அளந்து கொடுத்துவிட்டு, இரண்டு குழந்தைகளையும் ஒரே மாதிரி மஞ்சள் கவுன் போட்டு ஸ்கூட்டரில் முன்னும் பின்னுமாக உட்கார வைத்து வந்திருந்தார். இருவரும் மூன்று வருடம் ஊர் அங்கன்வாடியில் இருந்தவர்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

எங்களுடையது தனியார் ஆங்கில வழிப் பள்ளி. நான் அங்கே யு.கே.ஜி. ஆசிரியை. வெளியிலிருந்து நேராக ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைகளைச் சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. சேர்க்கைக்காகக் குழந்தைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் அதைத் தேர்வு என்று சொல்ல மாட்டோம். "சும்மா பேசிப் பார்ப்போம்" என்போம். பேசிப் பார்த்துவிட்டு ஐம்பதுக்கு மார்க் போடுவோம். முப்பதுக்குக் கீழே வந்தால் ஒன்றாம் வகுப்பு இல்லை, யு.கே.ஜி.யில் இடம் உண்டு என்போம். வேண்டாம் என்றால் வேறு பள்ளிக்குப் போகலாம். யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்று நாங்களே எங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஒவ்வொரு குழந்தைக்கும் இருபது நிமிடம். வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் வரைந்து காட்டுவேன்; பார்த்து வரைய வேண்டும். ஒரு ஆளை வரையச் சொல்வேன். கோட்டின் மேல் கத்தரியால் வெட்ட வேண்டும். பத்துப் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் அதே வரிசையில் செய்ய வேண்டும். நான்கு படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்ல வேண்டும். எந்த இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் ஆரம்பிக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, பொத்தான் போடுவது, அம்மாவை விட்டு என்னோடு தனியாக உட்காருவது, தன் முறை வரும் வரை காத்திருப்பது, இதற்கெல்லாமும் மார்க் உண்டு.

மோசமான தாள் இல்லை அது. பென்சில் பிடிக்கும் விரல், சொன்னதை மனதில் நிறுத்தும் திறன், எண்ணிக்கை, பேச்சு எல்லாம் அந்தக் குழந்தையிடம் அன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று ஓரளவு காட்டும். ஜூனில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆசிரியை தெரிந்துகொள்ள உதவும். பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருநாள் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், குழந்தையின் வீட்டு மொழியில் கேளுங்கள், முன்பு பார்த்துக்கொண்ட ஆசிரியையிடம் விசாரியுங்கள் என்றும் சொன்னார்கள். குறிப்பு எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு என் மேசையிலேயே இருந்தது.

முதலில் மூத்தவள் வந்தாள். தங்கையைவிட ஏழு நிமிடம் பெரியவள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவுடனே, "உங்க வளையல் சத்தம் போடுது டீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படங்களைக் கொடுத்ததும் கதை சொன்னாள். கேட்காத கதையும் சொன்னாள். கன்று போட்ட மாடு, கன்றை நக்கிவிட்ட விதம், அப்பா ராத்திரி முழுக்க முழித்திருந்தது. பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் டிவியில் கேட்ட இரண்டு ஆங்கில வார்த்தை. மாம்பழம், மாடு, கை என்று மூன்று படங்களைக் காட்டி, எந்த இரண்டு ஒரே ஒலியில் ஆரம்பிக்கின்றன என்று கேட்டேன். "மாம்பழமும் கையும். கையிலதான மாம்பழத்தப் புடிச்சுத் திங்கோணும்" என்றாள். அந்தப் பகுதியில் ஐந்து கேள்வி. ஐந்திலும் இப்படித்தான் பதில் சொன்னாள். சாமர்த்தியமான பதில்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் போட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று வந்தது.

இளையவள் வரும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. காலையிலிருந்து எட்டுக் குழந்தைகளைப் பார்த்திருந்தேன். எங்கள் பக்கத்து மார்ச் வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவருகில் அம்மா தயங்கி நின்றார்.

"ஏனுங்க டீச்சர், இவ புது ஆளுககிட்ட வாயே தொறக்க மாட்டாளுங்க. ஊட்டுல நல்லாப் பேசுவா. அங்கன்வாடி டீச்சர வேணாக் கேட்டுப் பாருங்க. நெம்பர் தரட்டுங்களா?"

"பரவால்லீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. முந்தைய ஆசிரியையின் கருத்து. அந்த வருடம் யாருடைய தாளிலும் நான் அதை நிரப்பவில்லை.

அறையில் தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வந்து நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று பார்ப்பார். மலையாளி, கண்டிப்பானவர். "உன் ஆளுகன்னா உனக்கு ஒரு இளக்கம்" என்று எப்போதோ ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அது என் மனதில் முள்ளாகத் தங்கியிருந்தது. நானும் பெருமாட்டிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான். அன்றைக்கு அவர் முன்னால் இளகக் கூடாது என்று இருந்தேன்.

மூன்று வேலை சொல்லும் கேள்வியைத் தாளில் இருந்தபடி மலையாளத்தில் கேட்டேன். புத்தகத்தை எடு, மேசையில் வை, வாதில் அடை. வாதில் என்றால் கதவு. வீட்டில் 'கதவச் சாத்து' என்று கேட்டே வளர்ந்த குழந்தைக்கு அந்தச் சொல் எட்டியிருக்காது. அவள் புத்தகத்தை எடுத்தாள், மேசையில் வைத்தாள், என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்து, கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

படக் கதைக்கு அவள் படங்களைச் சரியாக அடுக்கினாள். கதை சொல்லவில்லை. ஒலிக் கேள்விகளில் மூன்றுக்குச் சரியான படத்தை விரலால் தொட்டாள். வாயால் சொல்ல வேண்டும் என்று தாளில் இருந்ததால் அவற்றுக்கும் மார்க் இல்லை. புளியங்கொட்டையை உதடு அசையாமல் எண்ணினாள். வரைந்தவை எல்லாம் அக்காவுடையதைவிடச் சுத்தமாக இருந்தன. மொத்தம் இருபத்தாறு.

அம்மாவை உள்ளே கூப்பிட்டோம். தலைமை ஆசிரியை எழுந்து போய்விட்டார். சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

"மூத்த பாப்பா ரெடிங்க. ஒரு கவலையும் இல்ல, நல்லா வருவா. சின்னவளுக்கு இன்னும் ஒரு வருசம் யு.கே.ஜி. படிச்சாத் தேவலை."

அவர் இரண்டு பேர் தலையிலும் கை வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரையும் ஒண்ணாவே வெச்சுக்க முடியாதுங்களா? ஒருத்திய உட்டு ஒருத்தி இருந்ததே இல்லீங்க."

"ஒரு வருசந்தானுங்க."

"கவர்மெண்டு ஸ்கூல்ல போட்டா ரெண்டு பேரும் ஒண்ணாப் போவாங்கல்ல?"

போவார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வயது வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். நான் 'ஆமாங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"போலாங்க. ஆனா சின்னவ ஒண்ணாங்கிளாசுல போயித் திணறுவா. பொறவு படிப்பு மேலயே வெறுப்பு வந்துரும்" என்றேன்.

இதை எதை வைத்துச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடத்தை வைத்துச் சொன்னேன். எந்தத் தாளும் ஒரு குழந்தை இரண்டு வருடம் கழித்து எப்படி இருப்பாள் என்று சொல்லாது. இது தெரிந்தவள்தான் நான். ஆனால் ஒரு தாய் எதிரில் நின்று கேட்கும்போது 'தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் தலையாட்டினார்.

ஜூனில் இளையவள் என் வகுப்புக்கே வந்தாள். முதல் வாரம் முழுவதும் இடைவேளையில் ஒன்றாம் வகுப்பு ஜன்னல் அருகில் போய் நிற்பாள். உள்ளிருந்து அக்கா கையசைப்பாள். மணி அடித்ததும் தானாகவே திரும்பி வந்து இடத்தில் உட்காருவாள். அழுததில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம், குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் இருந்தார்கள். படங்கள் வைத்திருந்த டப்பாவை அலமாரியில் வைக்க மறந்திருந்தேன். பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. இளையவள்தான். எதிரில் புதிதாகச் சேர்ந்து ஓயாமல் அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமி. மார்ச்சில் காட்டிய அந்த நான்கு படங்களையும் வரிசையாக வைத்து, இளையவள் அவளுக்குக் கொங்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள வெதைய நட்டுப்போட்டு தெனமும் வந்து பாக்குது. மொளைக்கவே இல்ல. இங்க பாரு, அதுக்கு மூஞ்சி எப்புடி ஆயிருச்சுன்னு. பொறவு மழை வந்துச்சு. இப்ப பாரு, அது சிரிக்குது. நீயும் சிரி பாக்கலாம்."

அழுத சிறுமி சிரிக்கவில்லை. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டு அடுத்த படத்தைக் கேட்டாள்.

அன்று மாலை எல்லோரும் போகும் முன் இளையவளை மட்டும் உட்கார வைத்து, தமிழில், அவசரமில்லாமல் அதே தாளை மறுபடி கேட்டேன். என் வகுப்பில் பத்து நாள் இருந்திருக்கிறாள். என் முகம் பழகியிருந்தது. ஒலிக் கேள்வி ஐந்தும் சரி. கதவைச் சாத்தச் சொன்னேன், சாத்திவிட்டு, "தாப்பாளும் போடட்டுங்களா?" என்று கேட்டாள். நான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்ட வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போனேன். அவளை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"குழந்தைகள் எண்ணிக்கையைக் கல்வி அலுவலகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியாயிற்று. அதை விடு. நீயே கையெழுத்துப் போட்டு 'தயார் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதத்தில் நீயே மாற்றினால் மற்ற பெற்றோர் வந்து நிற்பார்கள். எங்கள் குழந்தைக்கும் மறுபடி பார் என்பார்கள். என்ன பதில் சொல்வாய்?"

அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், சொன்னது இதுதான். மற்றவர்களுக்கும் மறுபடி பார்க்கலாமே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

அவரைக் குறை சொல்லி நான் தப்ப முடியாது. அவர் தடுத்தது பள்ளிக்கு உள்ளே மட்டும்தான். அந்த அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஜூன் மாதம்தான், அரசுப் பள்ளியில் இன்னும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக அங்கே மாற்றியிருக்கலாம். போனில் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறேன். 'நான் தப்பாப் பாத்துட்டனுங்க' என்ற மூன்று வார்த்தை. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய பயம், அந்த அம்மா என்மேல் வைத்திருந்த மரியாதை போய்விடும் என்பது.

அந்த வருடம் முழுவதும் அவளுக்கு எல்லாவற்றிலும் முதலிடம் கொடுத்தேன். கதைப் புத்தகங்கள் கொடுத்தேன். வகுப்பில் மற்றவர்கள் எழுத்தை எழுதிப் பழகும்போது அவள் வாக்கியம் படித்தாள். ஆண்டு விழாவில் பரிசும் வாங்கினாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னது சரிங்க டீச்சர். ஒரு வருசம் இருந்ததுல நல்லா வந்துட்டா" என்றார். நான் சிரித்தேன்.

மூத்தவளின் செய்தி எனக்கு அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகுதான் வந்தது. ஒரு நாள் பள்ளி விட்டதும் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்து என் முன் நிறுத்தினார்.

"டீச்சர், இவளால ஒரு வரி படிக்க முடியலீங்க. இத்தன நாளு மனப்பாடம் பண்ணியே ஓட்டிருக்கா. தங்கச்சி இவ புஸ்தகத்த எடுத்துப் படிக்கறதக் கேட்டு அப்படியே ஒப்பிச்சுருவா. இப்பத்தான் புடிச்சேன். கிளாஸ் டீச்சரு சோம்பேறிங்கறாங்க. அவங்கப்பா அடிச்சுட்டாருங்க." அவள் தோளில் கை வைத்தார். "நீங்கதானுங்க சொன்னீங்க, இவளுக்கு ஒரு கவலையும் இல்லைன்னு."

குரலில் கோபம் இல்லை. ஏதோ விளங்காத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டார். மூத்தவள் என் வளையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் நானே அவர்களோடு பாலக்காடு போனேன். ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் உளவியலாளர் ஒருவரிடம் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் நாள் கண்ணும் காதும் சோதித்தார்கள். பிறகு அறிவுத் திறன், படிப்பு, எழுத்து என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். புத்தி கூர்மையான குழந்தை. எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் இடத்தில்தான் குறைபாடு. சோம்பேறித்தனம் இல்லை, யாருடைய வளர்ப்பும் காரணமில்லை. தினமும் சிறப்புப் பயிற்சி வேண்டும், தேர்வில் கேள்வியைப் படித்துக் காட்ட ஆள் வேண்டும்.

நான் மூத்தவளின் பழைய தாளை எடுத்துப் போயிருந்தேன். அம்மா வெளியே பணம் கட்ட நின்றபோது அதை உளவியலாளரிடம் காட்டினேன்.

"இதில் அன்றைக்கே தெரிந்திருக்குமா?"

நிதானமாகப் பார்த்தார். "ஐந்து வயதில் யாரும் இதை முடிவாகச் சொல்ல முடியாது. எட்டு வயதாவது ஆக வேண்டும். அந்த வயதில் இப்படி இருந்துவிட்டு நன்றாகப் படிக்கிற குழந்தைகளும் உண்டு." விரல் ஒலிப் பகுதியில் நின்றது. "ஆனால் இங்கே ஐந்தும் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். இந்தக் குழந்தையைக் கொஞ்சம் கவனித்துப் பார் என்பதற்கு இது ஒரு அடையாளம். அரை அரை மார்க் எதற்குப் போட்டீர்கள்?"

"பதில்கள் நன்றாக இருந்தன."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நாற்பத்து மூன்று என்ற மொத்தத்தை ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் நான்தான் கொடுத்தேன். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு வருடம் ஒருவரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை. கேட்டால், புத்திசாலிப் பெண், ரெடி என்று வந்தவள், படிக்காவிட்டால் அது திமிர் என்பார்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் மூத்தவள் பற்றி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், அரை மார்க் உட்பட. "உங்களுக்கு மட்டும் என்னங்க தெரியும்" என்று அவரே என்னைத் தேற்றினார். இளையவளைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் சண்டை போட்டேன். சண்டை என்பது பெரிய வார்த்தை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது சேர்க்கைக்கு முன் யாரையும் உட்கார வைப்பதில்லை. ஜூனில் சேர்த்த பிறகு, வகுப்பிலேயே, இரண்டு வாரம் விளையாட்டும் பேச்சுமாக அவரவர் வீட்டு மொழியில் பார்க்கிறோம். மொத்தம் போடுவதில்லை. எந்தக் குழந்தைக்கு எதில் கை கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறோம். அங்கன்வாடி டீச்சர்களுக்கு நானே போன் செய்கிறேன். பல வருடம் ஒரு குழந்தையோடு இருந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவது என் தாளில் எங்கும் இருந்ததில்லை.

போன வருடம் முதலமடைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மாங்காய் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அத்தை வீட்டுக்கு வந்திருந்த இளையவள் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். எங்கள் பள்ளி நான்காம் வகுப்பு வரைதான், இப்போது அவள் வேறு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அக்கா ஆறாம் வகுப்பு. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இப்பப் படிக்கறாளுங்க டீச்சர், மெதுவா. பேச்சுப் போட்டியில அவதான் பஸ்டு. நான் எழுதிக் குடுத்தேன்."

"நீ எப்பவும் நல்லாப் படிக்கறவளாச்சே அம்மிணி."

"நான் சின்னதுல பெயிலானவதானுங்க டீச்சர்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், தன் உயரத்தைச் சொல்வதுபோல.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"நீ பெயிலாகல. உனக்கு எல்லாந் தெரிஞ்சிருந்துச்சு. நாந்தான் உனக்குப் புரியற மாதிரிக் கேக்கல. பொறவு எனக்குத் தெரிஞ்சும் மாத்தல."

அவள் லாரிகளைப் பார்த்தாள். "அப்ப நானும் அக்காளும் ஒரே கிளாசுல இருந்திருப்பமுங்களா?"

"இருந்திருப்பீங்க."

"அம்மாகிட்டச் சொல்லுங்க டீச்சர். நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வாதில், அங்கன்வாடி டீச்சரின் நம்பர், தலைமை ஆசிரியை இருந்தது, நான் பயந்தது, எல்லாம்.

கேட்டு முடித்து அவர் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"அந்த ஜூன்லயே."

கை தவிட்டிலேயே நின்றது. "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் கவர்மெண்டு ஸ்கூலுக்கு மாத்தியிருப்பனுங்க. பெரியவளுக்கும் பக்கத்துலயே இவ இருந்திருப்பா. அவங்கப்பாகிட்ட வாங்குன அடியாவது மிச்சமாயிருக்கும்."

"ஆமாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார். பிறகு உள்ளே பார்த்து இளையவளைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் தன் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க டீச்சர், இவ முன்னால இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.